14.1 பில்லியன் பற்றாக்குறை எங்கே போனது?

கேள்வி: ஐயா, எனக்கு 52 வயது. இங்கிலாந்தில் பல்கலைக்கழக விரிவுரையாளர். 18 வருடமாக யுஎஸ்எஸ் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். 2020 மதிப்பீட்டுச் சுருக்கத்தில் 14.1 பில்லியன் பவுண்ட் பற்றாக்குறை என்று போட்டிருந்தார்கள். 2023இல் 7.4 பில்லியன் உபரி என்கிறார்கள், என் சந்தாவையும் குறைத்துவிட்டார்கள். இதை நம்பலாமா? "இப்போதே பணத்தை வெளியே எடுத்துவிடுங்கள்" என்று ஒரு ஆலோசகர் விடாமல் போன் செய்கிறார். என் மனைவி என்எச்எஸ் செவிலியர். அவருடைய திட்டத்துக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: முதலில் அந்த ஆலோசகரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சுருக்கத்தை எப்படி வாசிப்பது என்று அதற்கப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் இரண்டு எண்களையும் பிரித்துப் பாருங்கள். 2020 மார்ச் 31 அன்று நிதியின் கையிருப்பு 66.5 பில்லியன், கொடுக்க வேண்டிய ஓய்வூதியங்களின் அன்றைய மதிப்பு 80.6 பில்லியன். 2023 மார்ச் 31 அன்று கையிருப்பு 73.1, கொடுக்க வேண்டியது 65.7. கையிருப்பு ஆறரை பில்லியன்தான் கூடியிருக்கிறது. கொடுக்க வேண்டியதோ கிட்டத்தட்ட 15 பில்லியன் குறைந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் உங்களைப் போன்றவர்கள் இன்னும் மூன்று வருட ஓய்வூதியம் சம்பாதித்திருக்கிறார்கள், யாருக்கும் தர வேண்டியதை ரத்து செய்யவில்லை. அப்படியிருக்க கடன் எப்படிக் குறையும்?

கடனைக் குறைத்தது தள்ளுபடி விகிதம், அதாவது போட்டிருக்கும் பணம் வருடத்துக்கு எவ்வளவு வளரும் என்று எடுத்துக்கொள்ளும் அளவு. இருபது வருடம் கழித்து உங்களுக்கு 1,00,000 பவுண்ட் தர வேண்டும் என்று வையுங்கள். போடும் பணம் வருடம் 2 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டால் இன்று 67,300 பவுண்ட் ஒதுக்க வேண்டும். 5 சதவீதம் வளரும் என்றால் 37,700 போதும். நீங்கள் வாங்கப்போகும் தொகையில் ஒரு பென்னிகூட மாறவில்லை, மாறியது எடுத்துக்கொண்ட வளர்ச்சிதான். பெரும்பாலான திட்டங்கள் இந்த விகிதத்தை அரசுப் பத்திரங்களின் வருமானத்தை ஒட்டி வைக்கின்றன. நீண்டகாலப் பத்திரங்களின் வருமானம் 2020 மார்ச்சில் 1 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது. 2023 மார்ச்சில் 4 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 14.1 பில்லியன் மறைந்ததற்குப் பெரும் காரணம் இதுதான். 2020இன் எண்ணும் பொய்யில்லை, 2023இன் எண்ணும் பொய்யில்லை. இரண்டுமே ஒரு நாளின் வட்டி நிலவரத்தில் எடுத்த படங்கள்.

அதனால் சுருக்கம் கைக்கு வந்ததும் பற்றாக்குறையா உபரியா என்று தேடாதீர்கள். எந்தத் தேதிக்கு மதிப்பீடு செய்தார்கள் என்று முதலில் பாருங்கள். அப்புறம் தள்ளுபடி விகிதத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்ட பணவீக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறுவது என்பதால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். விகிதம் 4, பணவீக்கம் 3 என்றால் நிதி உண்மையில் 1 சதவீத வளர்ச்சியைத்தான் நம்பியிருக்கிறது. வித்தியாசம் கூடக்கூட இன்றைய கடன் சின்னதாகத் தெரியும், அந்த நம்பிக்கை பலிக்காவிட்டால் அடுத்த மதிப்பீட்டில் அடி பெரிதாக விழும். ஆயுள் பற்றிய ஊகமும் இருக்கும். உறுப்பினர்கள் சராசரியாக ஒரு வருடம் கூடுதலாக வாழ்ந்தால் கடன் 3, 4 சதவீதம் ஏறும். வட்டியோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம்.

சந்தா விகிதத்துக்குள் இரண்டு செலவுகள் கலந்திருக்கும். ஒன்று, இனி நீங்கள் சம்பாதிக்கப்போகும் ஓய்வூதியத்தின் விலை. மற்றது, பழைய பற்றாக்குறையை அடைக்கும் தவணை. 2020 மதிப்பீட்டுக்கு அப்புறம் மொத்தச் சந்தா சம்பளத்தில் 31.4 சதவீதம் ஆனது. அதில் உங்கள் பங்கு 9.8, பல்கலைக்கழகத்தின் பங்கு 21.6. 2024 ஜனவரியிலிருந்து அது 20.6 ஆனது: உங்களுக்கு 6.1, அவர்களுக்கு 14.5. பற்றாக்குறைத் தவணை போய்விட்டது, வட்டி ஏறியதால் புதிய ஓய்வூதியமும் மலிவாகிவிட்டது. சந்தா குறைந்ததால் பலன் குறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 2022 ஏப்ரலில் வெட்டிய பலன்களை 2024 ஏப்ரலில் பழைய அளவுக்கே திருப்பி வைத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றில் சந்தைகள் சரிந்து கிடந்த ஒரு நாளின் எண்ணை வைத்து ஆயிரக்கணக்கானவர்களின் ஓய்வூதியத்தை வெட்டினார்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தன, சம்பளம் போனது. மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மதிப்பீடு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சரி. அந்த ஒரு நாளின் எண் எவ்வளவு ஆடக்கூடியது என்பதை உறுப்பினருக்கு அனுப்பும் சுருக்கத்தின் முதல் பக்கத்தில் எழுத என்ன தடை?

இப்போது ஆலோசகருக்கு வருவோம். நீங்கள் வெளியேறினால் கிடைக்கும் மாற்றுத்தொகையும் இதே மாதிரியான கணக்கில்தான் வருகிறது. விகிதம் தாழ்ந்தால் பற்றாக்குறை பெரிதாகும், உங்கள் மாற்றுத்தொகையும் பெரிதாகும். அதனால்தான் "நிதி மூழ்குகிறது, ஆனால் உங்களுக்கு இவ்வளவு தருகிறார்கள்" என்று இந்த ஆட்கள் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வட்டி ஏறியபின் மாற்றுத்தொகைகள் சுருங்கிவிட்டன. இப்போது "இன்னும் குறையும், சீக்கிரம்" என்பது அவர்களுடைய பாட்டு. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் வெளியேறத்தான் சொல்வார்கள், ஏனென்றால் நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருந்தால் அவர்களுக்கு வருமானமில்லை. 2017இல் பிரிட்டிஷ் ஸ்டீல் திட்டத்திலிருந்து சுமார் 8,000 பேர் இப்படி வெளியேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் கிட்டத்தட்ட பாதி தவறானது என்று நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் அமைப்பான எஃப்சிஏவே பின்னர் கண்டது. ஆயுள் முழுக்க விலைவாசியோடு ஏறும் ஓய்வூதியத்தை விட்டுவிட்டு, சந்தை ஆபத்தைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் ஓய்வூதியம் பற்றித் தானாகப் போன் செய்வது 2019 ஜனவரியிலிருந்தே தடை. அவர் அப்படி வந்தவர் என்றால் அத்தோடு பேச்சை முடியுங்கள். தெரிந்தவர் மூலம் வந்தவர் என்றால் எஃப்சிஏ பதிவேட்டில் பெயரையும், ஓய்வூதிய மாற்று ஆலோசனைக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாற்றினால் மட்டுமே கட்டணம் என்றால் விலகுங்கள். 2020 அக்டோபரிலிருந்து மிகச் சில விதிவிலக்குகள் தவிர அதற்கும் அனுமதியில்லை.

உங்கள் மனைவியின் கணக்கு வேறு, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், நிறையக் குடும்பங்கள் இதில் குழம்புகின்றன. என்எச்எஸ் திட்டத்தில் நிதியே கிடையாது. அவர் கட்டும் சந்தா இன்றைய ஓய்வூதியர்களுக்குப் போகிறது, குறைவதை அரசு போடுகிறது. இருந்தும் அங்கேயும் மதிப்பீடு நடக்கிறது, தள்ளுபடி விகிதமும் உண்டு. ஆனால் அது பத்திர வருமானத்தை வைத்து வருவதல்ல, பொருளாதார வளர்ச்சி பற்றிய கணிப்பை வைத்து நிதியமைச்சகம் அறிவிப்பது. 2023 மார்ச்சில் அதைப் பணவீக்கத்துக்கு மேல் 2.4 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் 2024 ஏப்ரலில் மருத்துவமனைகள் கட்டும் சந்தா 20.6இலிருந்து 23.7 சதவீதமாக ஏறியது. உங்கள் திட்டத்தில் விகிதம் ஏறி சந்தா இறங்கிய அதே சமயத்தில் அங்கே விகிதம் இறங்கி சந்தா ஏறியது. அதைப் பார்த்து என்எச்எஸ் திட்டம் தள்ளாடுகிறது என்று நினைக்க வேண்டாம். பற்றாக்குறை விழுவதற்கு அங்கே நிதி இல்லை, பொறுப்பு அரசுடையது. அந்த ஓய்வூதியத்தைத் தனியார் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்ற 2015 ஏப்ரலிலிருந்து சட்டமே இடம் தருவதில்லை. அவரிடம் யாராவது மாற்றித் தருகிறேன் என்று வந்தால் அது மோசடி. போனை வைத்துவிட்டு எஃப்சிஏவிடம் புகார் கொடுங்கள்.