எந்தக் குடையைச் சரிசெய்யலாம்? கம்பியைப் பார்த்தால் தெரியும்

கேள்வி: வீட்டில் நான்கைந்து குடைகள் பழுதாகிக் கிடக்கின்றன. சில மடக்குக் குடைகள், சில நீளமானவை, ஒன்று ரொம்பப் பெரிசு. அதைக் கோல்ஃப் குடை என்கிறார்கள். எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதையெல்லாம் நாமே சரிசெய்யலாம், எதைத் தூக்கிப்போடலாம்?

பதில்: கைப்பிடியைப் பார்த்து வகை சொல்லப் போனால் பல நேரம் ஏமாந்துபோவீர்கள். வளைந்த கைப்பிடி வைத்த மடக்குக் குடைகள் உண்டு. நேரான கைப்பிடி உள்ள சாதாரண நீளக் குடைகளும் உண்டு. குடையைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து, ஒரே ஒரு கம்பியை உச்சியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பாருங்கள். வழியில் எங்கும் மடிப்பு மூட்டு இல்லையென்றால் அது நீளக் குடை அல்லது கோல்ஃப் குடை. ஒரு மூட்டு இருந்தால் இரண்டு மடிப்புக் குடை, இரண்டு இருந்தால் மூன்று மடிப்புக் குடை. தண்டும் இதற்கு ஒத்துப்போகும். மடக்குக் குடையில் அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாக இருக்கும், மற்ற இரண்டிலும் முழு நீளத்துக்கு ஒரே துண்டு.

நீளக் குடையையும் கோல்ஃப் குடையையும் பிரிக்க அளவுநாடா போதும். உச்சி நடுவிலிருந்து கம்பி வழியாகவே நுனிவரை அளக்க வேண்டும். நீளக் குடையில் பெரும்பாலும் 58 முதல் 65 செ.மீ. வரும். 70-ஐத் தாண்டினால், அதுவும் 75 பக்கம் வந்தால், கோல்ஃப் குடை. கம்பி வளைந்தே நிற்பதால், விரிந்த குடையின் அகலம் இந்த அளவின் இரு மடங்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். கோல்ஃப் குடையில் தண்டும் கம்பியும் பெரும்பாலும் பைபர்கிளாஸ், கைப்பிடி நேரானது, ரப்பர் அல்லது ஃபோம் உறை போட்டது.

துணியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதில் பலர் தவறு செய்கிறார்கள். பல கோல்ஃப் குடைகளில் துணி இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் நடுவில் பெரிய திறப்பு இருக்கும், அதை மேல் அடுக்கு கூரைபோல மூடியிருக்கும். இரண்டும் சில இடங்களில் மட்டுமே தைக்கப்பட்டிருக்கும். அடியிலிருந்து அடிக்கும் காற்று அந்த இடைவெளி வழியாக வெளியேறுவதால்தான் இவ்வளவு பெரிய குடை சட்டென்று திரும்பிக்கொள்வதில்லை. "தையல் பிரிந்துவிட்டது" என்று நினைத்து அந்த இடைவெளியை முழுக்கத் தைத்து மூடிவிடுகிறார்கள். பிறகு வரும் முதல் பலத்த காற்றிலேயே கம்பி முறிகிறது. இடைவெளி எல்லாக் கம்பிகளுக்கு நடுவிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வடிவமைப்பு. ஒரே இடத்தில் மட்டும் வாய் பிளந்திருந்தால்தான் கிழிசல்.

இனி பழுது. குடையின் பாகங்கள் நான்கு விதமாக இணைக்கப்பட்டிருக்கின்றன: தைத்தது, கம்பியால் கட்டியது, ரிவெட் அடித்தது, பிளாஸ்டிக்கில் வார்த்தது. முதல் இரண்டையும் ஊசியும் குறடும் இருந்தால் யாரும் திரும்பச் செய்யலாம். ரிவெட்டைக் கொஞ்சம் பொறுமையோடு செய்யலாம். வார்த்தது உடைந்தால் அதே அளவில் வேறொரு குடையிலிருந்து பாகம் கிடைத்தால்தான் உண்டு. மூன்று மடிப்புக் குடையில் ஒரு கம்பிக்கே நான்கைந்து ரிவெட் இருக்கும், நீளக் குடையில் ஒன்றுதான். எட்டுக் கம்பிக்கும் கணக்குப் போட்டால், மடக்குக் குடை ஏன் அடிக்கடி பழுதாகிறது, ஏன் அதைச் சரிசெய்வதில் பயன் குறைவு என்பது புரியும்.

பழுதைத் தேடும்போது வரைபடம் எதுவும் வேண்டாம். பக்கத்துக் கம்பிதான் வரைபடம். எல்லாக் கம்பிகளும் ஒன்றின் நகல் மற்றொன்று என்பதால், தொங்கும் கம்பியையும் நன்றாக இருக்கும் அதன் அண்டைக் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் குறைவது தையல்தான். துணியின் மூலை நுனியிலிருந்து கழன்றிருந்தால், குடையைப் பாதி திறந்த நிலையில் வைத்து, பாலியஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்து, நுனித் துளை வழியாக நான்கைந்து முறை சுற்றித் தைத்தால் போதும். முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு தைக்க முயன்றால் துணி இழுத்துக்கொண்டே இருக்கும், ஊசி போகாது. உச்சிக்கும் நுனிக்கும் நடுவிலும் துணி கம்பியோடு ஓரிரு இடங்களில் கட்டப்பட்டிருக்கும். இந்தக் கட்டு அறுந்ததைப் பலரும் கவனிப்பதே இல்லை. அது போனால் காற்றில் கம்பி பக்கவாட்டில் வளைய இடம் கிடைக்கிறது, அடுத்து முறிவதும் அதே கம்பிதான்.

பார்த்தால் முழுக்கச் செத்துவிட்டதுபோலத் தெரிந்து, உண்மையில் அரை மணி நேரத்தில் சரியாகும் பழுது ஒன்று உண்டு. நீளக் குடையைத் திறக்கிறீர்கள், மூன்று நான்கு கம்பிகள் ஒரே நேரத்தில் தொளதொளவென்று தொங்குகின்றன. தண்டில் மேலும் கீழும் ஓடும் குழலை ரன்னர் என்பார்கள். அதன் தலையில் எட்டு வெட்டுகள், சுற்றிலும் ஒரு பள்ளம். ரன்னரிலிருந்து கிளம்பி ஒவ்வொரு கம்பியையும் தாங்கிப் பிடிக்கும் குட்டைக் கம்பிதான் தாங்குகம்பி. அது ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துளை. எல்லாத் துளைகள் வழியாகவும் ஒரே மெல்லிய கம்பியைக் கோத்து, பள்ளத்தில் இறக்கி, முனைகளை முறுக்கியிருப்பார்கள். அந்த ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்தால் அத்தனை தாங்குகம்பியும் கழன்றுவிடும். உடைந்தது ஒரே பொருள்தான்.

சரிசெய்ய, பழைய கம்பியின் துணுக்குகளைப் பள்ளத்திலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி அல்லது துத்தநாகம் பூசிய கம்பி 15 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். பள்ளத்தைச் சுற்ற அவ்வளவு நீளம் தேவைப்படாது, மிச்சம் குறடால் பிடித்து இழுப்பதற்கு. தாங்குகம்பிகளை அவற்றின் வரிசையிலேயே, ஒன்றும் குறுக்கே போகாமல் கோத்துக்கொள்ளுங்கள். எட்டும் கோத்த பிறகு ஒவ்வொன்றாக அதனதன் வெட்டில் உட்காரவைத்து, கம்பியைப் பள்ளத்தில் இறக்கி, இழுத்து மூன்று முறுக்குப் போடுங்கள். மிச்சத்தை 4 மி.மீ. விட்டு வெட்டி, இரண்டு வெட்டுகளுக்கு இடையில் மடக்கி அமுக்க வேண்டும். அது உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் தண்டை உரசும், வெளிப்பக்கம் நீட்டினால் குடை மூடும்போது துணியைக் குத்தும். முறுக்கு சரியா என்று பார்க்க, ஒரு தாங்குகம்பியைத் தூக்கிவிடுவது போல அசைத்துப் பாருங்கள். அது தடையில்லாமல் அசைய வேண்டும், ஆனால் வெட்டை விட்டு வெளியே வரக் கூடாது. விறைத்து நின்றால் முறுக்கு அதிகம்.

இதில் ஒரு எல்லை உண்டு. ரன்னர் பிளாஸ்டிக்காக இருந்து, வெட்டுகளுக்கு இடையிலான பல் ஒன்று உடைந்திருந்தால் கம்பி அங்கே நிற்காது. புதுக் கம்பி போட்டாலும் சில நாளில் பழைய கதைதான். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் எட்டுப் பல்லையும் எண்ணிவிடுங்கள். உச்சியிலும் இதே அமைப்புதான். ஆனால் அதை அணுக மேல் முனைக் குமிழைக் கழற்றி, துணியின் நடுவையும் விடுவிக்க வேண்டியிருக்கும்.

மடக்குக் குடையில் ரிவெட் கழன்றிருந்தால், துளைக்குப் பொருந்தும் தடிமனில் மிருதுவான செம்புக் கம்பியை நுழைத்து, இருபக்கமும் 2 மி.மீ. நீட்டி, சின்னச் சுத்தியலால் தட்டித் தலை உண்டாக்கலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்துத் தட்டிவிட்டுப் பிறகு உருவி எடுங்கள். அந்தக் காகிதத் தடிமன் இடைவெளி இல்லையென்றால் மூட்டு மடங்காது. துளையே கிழிந்து விரிந்திருந்தால் அந்தக் கம்பிக்கு வைத்தியம் இல்லை.

எஃகுக் கம்பி மடங்கிவிட்டால்? அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள், தகட்டை வளைத்துச் செய்த ஓடைபோல இருக்கும். 1852-இல் இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் கொண்டுவந்த வடிவம் இது. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் அந்த விறைப்பு முழுவதும் இரண்டு பக்கச் சுவர்களில்தான் இருக்கிறது. மடங்கிய இடத்தில் சுவர்கள் விரிந்துபோயிருக்கும், கம்பியை நிமிர்த்தினால் மட்டும் போதாது. குறடால் சுவர்களை மெல்ல நெருக்கிவிட்டு, பழைய குடையில் அதே அளவுள்ள கம்பியிலிருந்து 5 செ.மீ. துண்டை அதன்மேல் பொருத்தி, மூன்று இடத்தில் மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுங்கள். மூட்டுக்கு 3 செ.மீ. அருகில் முறிந்திருந்தால் இது முடியாது, ஒட்டுத்துண்டு மூட்டில் இடிக்கும்.

கோல்ஃப் குடையின் பைபர்கிளாஸ் கம்பி வேறு மாதிரி. அது மடங்காது, நாராகப் பிளக்கும். வெறும் கையால் தடவாதீர்கள், சிலாம்பு தோலுக்குள் ஏறினால் எடுப்பது கஷ்டம். பிளந்த இடத்தில் டேப் சுற்றுவது வீண். கம்பி நுழையும் அளவுக்கு உள்விட்டமுள்ள பித்தளை அல்லது அலுமினியக் குழாய் 4 செ.மீ. எடுத்து, எபாக்ஸி பசை தடவி, பிளவு நடுவில் வரும்படி செருகி, ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். குழாயை ஏற்ற நுனியில் துணித் தையலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், திரும்பத் தைப்பது மேலே சொன்ன மாதிரிதான்.

கைப்பிடிகளில் நீளக் குடையின் வளைந்த பிடியும் கோல்ஃப் குடையின் நேர்ப்பிடியும் தண்டில் சுழன்றால் பசை விட்டிருக்கிறது என்று பொருள். உருவி, பழைய பசையைச் சுரண்டி, தண்டை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி போட்டு ஒட்டலாம். பட்டன் வைத்த மடக்குக் குடையில் அது கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. அதிலும், பட்டனை அழுத்தினால் திறந்து, மறுபடி அழுத்தினால் மூடும் வகையைப் பிரிக்கவே கூடாது. தண்டுக்குள் அழுத்தி வைத்த ஸ்ப்ரிங்கும் இழுகயிறும் இருக்கின்றன. கயிறு அறுந்தாலோ பிடி கழன்றாலோ தண்டு முகத்தை நோக்கிப் பாயும். கயிறு அறுந்த குடையில் துணியையும் நுனித் தொப்பிகளையும் மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி தொலைந்த இன்னொரு மடக்குக் குடைக்கு அவை பொருந்தும்.