முதல்முறை டென்ட் போடப் போகிறீர்களா? முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். யாருக்கும் முன்அனுபவம் இல்லை. என்னென்ன பார்க்கணும்?

அனேகமாக இன்ஸ்டாகிராமில் பார்த்த யாருக்கோ அட்வான்ஸ் அனுப்பியிருப்பீர்கள். நானும் அனுப்பினேன். "பர்மிஷன் எல்லாம் நம்ம கையில சார்" என்று அந்த ஏஜென்ட் சொன்னதை நம்பி, சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளியில் ஐந்து பேர் டென்ட் போட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் டார்ச்சோடு வந்தார்கள். நாங்கள் படுத்திருந்தது காப்புக்காடு. ஏஜென்டின் போன் அணைந்திருந்தது. பாதி வெந்த சோற்றோடு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு இருட்டில் ஊர்வரை நடந்தோம். வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் இருப்பவர்களை அவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்?

அதனால் இடத்துக்காரரிடம் முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தெரியும். எண்ணைச் சொல்ல மழுப்பினால் அங்கே போகாதீர்கள். வாடகைக்கு டென்ட் போட்டுத் தங்கவைக்கிறவர் என்றால் பட்டா மட்டும் போதாது, அதற்கான அனுமதியின் நகலையும் கேளுங்கள். கொடைக்கானலுக்கு எடுக்கும் இ-பாஸ் உங்கள் வண்டி மலையேறுவதற்கு மட்டும்தான். அதைக் காட்டி "அனுமதி இருக்கு" என்று சொல்ல முடியாது.

அடுத்த ஜனவரியில் நண்பனுடைய சித்தப்பாவின் பூண்டுத் தோட்டத்துக்குப் போனோம். அதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் போய், அந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தோம். தோட்டம் படிப்படியாக இறங்கும். கீழ்ப்படி சமதளம், பக்கத்திலேயே ஓடை. நான் அங்கேதான் கம்பத்தை ஊன்றினேன். சித்தப்பா, "அது காட்டுமாடு தண்ணிக்கு எறங்குற வழி. குளிரும் அங்கதாம்ப்பா வந்து தேங்கும்" என்று மூன்று படி மேலே ஏற்றிவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் நிற்கும். விடிந்து பார்த்தால் கீழ்ப்படிப் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி, எங்கள் டென்டைச் சுற்றி வெறும் ஈரம். நடுவில் நாலு ஆள் உயரம்கூட இருக்காது. யூகலிப்டஸ் மரத்தடியிலும் போடாதீர்கள், காற்றே இல்லாத நாளில்கூடக் கிளை முறிந்து விழும்.

வானிலை என்றதும் எல்லோரும் மழையை மட்டும்தான் பார்க்கிறார்கள். mausam.imd.gov.in-இல் மழையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிதான் உறையவைக்கும். மாலையில் வானம் துடைத்த மாதிரி இருந்தால் போர்வையை இரட்டிப்பாக்குங்கள். டென்டின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். "குளிருக்குப் பயந்தால் எதற்குப் போகணும்" என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். நான் முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

சாப்பாட்டில் வீரம் வேண்டாம். எலுமிச்சை சாதம், சப்பாத்தி, இட்லிப்பொடி போதும், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சின்ன கேன் அடுப்பில் இருக்கும் பியூட்டேன் வாயு பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் ஆவியாகவே மறுக்கும். காலையில் டீ வேண்டுமானால் ராத்திரி கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். அடுப்பை டென்டுக்குள் பற்றவைக்கவே கூடாது. விறகுத் தீயும் வேண்டாம், பனியில் கருகிய புல் பொட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஆரஞ்சுத்தோல், வாழைப்பழத்தோல்கூட மட்கிவிடும் என்று போட்டுவிட்டு வராதீர்கள். காட்டுமாடு அந்த ருசிக்குப் பழகினால் அடுத்து வருகிறவன் டென்டைத்தான் மோப்பம் பிடிக்கும். மலம் கழிக்க, ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிப்போய் அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி மூடுங்கள். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே ஊரில் குடிக்கிறார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. சித்தப்பாவின் சினைமாடு ஒன்று குளம்பிடுக்கில் கண்ணாடி ஏறி மூன்று வாரம் நொண்டியது. தோட்டத்தைவிட்டுக் கிளம்பும் முன் வேலியோரம் ஒரு சுற்றுப் போய்ப் பொறுக்கினோம். அரைச் சாக்கு சேர்ந்தது, அதில் எங்களுடையது ஒன்றுகூட இல்லை.