ஸ்கூட்டர் பேட்டரிக்கு எந்த கிராஃபைட்: இயற்கையா, செயற்கையா?

கேள்வி: டெலிவரி ஸ்கூட்டர்களுக்கு 2 கிலோவாட் மணி பேக் செய்கிறோம், லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி வகை. ஒரே கொள்ளளவில் இரண்டு செல்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் இயற்கை கிராஃபைட், மற்றதில் செயற்கை. இயற்கையில் போனால் பேக்குக்கு 900 ரூபாய் குறைகிறது. ஓட்டுநர்கள் மதியம் அரை மணி நேரத்தில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றியாக வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் மதிய சார்ஜை வைத்துப் பார்த்தால் செயற்கையை எடுங்கள். ஆனால் பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போட்டுவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு பட்டறையிலேயே எப்படிச் சோதிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் அந்த 900 ரூபாய். எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.2 வோல்ட் என்பதால், ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 312 ஆம்பியர் மணி வேண்டும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் கிராஃபைட் முனைதான் ஆனோடு; லித்தியத்துக்கு இடம் போதாமல் போகக்கூடாது என்று அதைப் பத்து சதவீதம் கூடுதலாகவே வைப்பார்கள். செயற்கை கிராஃபைட் கிராமுக்கு 345 மில்லி ஆம்பியர் மணி தரும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஒரு கிலோ பொடி ஆகிறது. இயற்கை 360 வரை தருவதால் கொஞ்சம் குறைவாகப் போதும். அப்படியானால் உங்கள் பேக்கில் இருப்பது 2 கிலோ கிராஃபைட். கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் 300 ரூபாய்தான் வருகிறது. மீதி 600 எங்கிருந்து குறைகிறது? இதை விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ஆனோடு பூச்சைத் தடிமனாகப் பூசினால் தாமிரத் தகடும் பிரிப்பானும் மிச்சமாகும், செல் மலிவாகும். வேக சார்ஜுக்கு முதல் எதிரியும் அந்தத் தடிமன்தான்.

பொடியின் விலை ஏன் வேறுபடுகிறது? செயற்கை கிராஃபைட்டுக்குப் பெட்ரோலியக் கோக்கை 2,800 முதல் 3,000 டிகிரி வரை சூடாக்க வேண்டும். உலை ஏறி, நின்று, ஆறுவதற்கே நாள் கணக்கில் ஆகும். விலையில் பெரும்பங்கு கரண்ட் பில்தான். இயற்கை கிராஃபைட் மண்ணிலிருந்து வருகிறது, ஆனால் தோண்டியதும் செல்லுக்குள் போவதில்லை. சிவகங்கையில் கிடைப்பது போன்ற செதிலை அரைத்து உருண்டையாக்கி, 99.95 சதவீதம் சுத்தமாக்கி, மேலே கரிப்பூச்சு போட வேண்டும். உருண்டையாக்கும்போதே பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். அதனால் மலிவு என்பது நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

அடுத்து ஆயுள். கிராஃபைட்டை ஒரு சீட்டுக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் சீட்டுகளின் விளிம்பு வழியாக மட்டுமே உள்ளே போகும், போனதும் கட்டு சுமார் பத்து சதவீதம் தடிக்கும். இறக்கும்போது பழைய அளவுக்கு வரும். உருண்டையாக்கிய இயற்கைத் துகளின் உள்ளே பார்த்தால் முட்டைக்கோஸ் போல மடிந்த இலைகள், நடுநடுவே வெற்றிடம். பலமுறை விரிந்து சுருங்கும்போது மடிப்புகள் பிரிந்து புதுப்பரப்பு வெளியே வருகிறது. அந்தப் பரப்பில் எலக்ட்ரோலைட் வினைபுரிந்து பாதுகாப்புப் படலம் உருவாகும், அதற்கு லித்தியம் செலவாகும். இப்படிச் செலவாகும் லித்தியம் திரும்புவதில்லை. ஒரு சைக்கிளில் 0.02 சதவீதம் போனாலே 1,000 சைக்கிளில் 18 சதவீதம் தேய்ந்துவிடும். அதையே 0.01 ஆக்கினால் தேய்மானம் பத்துக்குள் நிற்கும். செயற்கைத் துகள்கள் பொதுவாக உறுதியானவை, அடுக்குகள் பல திசைகளில் இருக்கும்படி செய்யப்படுபவை. அதனால் வீக்கமும் குறைவு. நல்ல பூச்சுள்ள இயற்கைப் பொடி மோசமான செயற்கைப் பொடியை முந்திவிடுவதும் உண்டு. இரண்டையும் கலந்து போடும் செல்களும் நிறைய.

இப்போது உங்கள் கேள்வியின் மையம். ஒரு மணியில் முழுதாக ஏற்றும் கரண்ட்டை 1C என்போம்; அரை மணியில் 60 சதவீதம் ஏற்றுவது என்றால் சராசரியாக 1.2C. லித்தியம் ஏறிய கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்திய உலோகத்தைவிட 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே மேலே இருக்கும். அந்தச் சிறு இடைவெளிதான் நமக்குள்ள பாதுகாப்பு. கரண்ட் அதிகமாகி, விளிம்பு வழியாக லித்தியம் போதிய வேகத்தில் நுழையாவிட்டால் அந்த இடைவெளி தீர்ந்து, லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகவே படியும். இயற்கைச் செதில்கள் அழுத்தி உருட்டும்போது தகட்டுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். அயனி ஒவ்வொரு செதிலையும் சுற்றிக்கொண்டு கீழே போக வேண்டியிருக்கும். உருண்டையாக்குவது இதைக் குறைக்கும், முழுதாக நீக்காது. குளிரில் இன்னும் மோசம்.

ஒரு முறை வேகமாகத் தேய்ந்த இயற்கை கிராஃபைட் செல் ஒன்றை ஆர்கான் பெட்டிக்குள் பிரித்துப் பார்த்தேன். நன்றாக ஏறிய ஆனோடு தங்க நிறத்தில் இருக்கும், அது சரியான அடையாளம். அந்தச் செல்லின் விளிம்போரமோ சாம்பல் வெள்ளி நிறத்தில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அது முழுக்கப் படிந்த லித்தியம். தயவுசெய்து பட்டறையில் திறக்காதீர்கள், திறந்த காற்றில் தீப்பிடிக்கக்கூடும்.

திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு வகையிலும் எட்டுச் செல் எடுங்கள். நான்கை 0.3C-யில் மெதுவாக ஏற்றுங்கள், மற்ற நான்கை உங்கள் மதிய சார்ஜ் போலவே ஏற்றுங்கள். ஏற்றும் எல்லையும் இறக்கும் எல்லையும் இரு குழுவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். 25 சைக்கிளுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் 0.3C-யில் முழுதாக ஏற்றி இறக்கிக் கொள்ளளவைக் குறித்து வையுங்கள். நூறு சைக்கிளில் வேகக் குழு மட்டும் தனியாகச் சரிந்தால் லித்தியம் படிகிறது என்று சந்தேகிக்கலாம். அப்புறம் உறுதிப்படுத்த, வேகமாக 80 சதவீதம் ஏற்றி நிறுத்தி, ஒரு மணி நேரம் மின்னழுத்தத்தை நொடிக்கு நொடி பதிவு செய்யுங்கள். கோடு சீராக இறங்கினால் நல்லது. நடுவில் ஒரு படி போல நின்று பிறகு இறங்கினால், படிந்த லித்தியம் மெல்ல உள்ளே போகிறது என்று பொருள். எல்எஃப்பியை 100 சதவீதத்தில் நிறுத்தினால் நேர்முனையின் இறக்கமே இதை மறைத்துவிடும், அதனால்தான் 80 என்கிறேன்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பேக் 30,000 ரூபாய், 1,500 சைக்கிள் உழைக்கும் என்றால் சைக்கிளுக்கு 20 ரூபாய். மலிவான பேக் 29,100 ரூபாய். அது 1,455 சைக்கிள் உழைத்தால்தான் இதே செலவு வரும். வேக சார்ஜில் 45 சைக்கிள் குறைந்தாலே 900 ரூபாய் போய்விடுகிறது. இரவில் மெதுவாக மட்டும் ஏற்றும் வண்டிகளும் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு இயற்கையைத் தாராளமாகப் போடுங்கள். மதிய வண்டிகளுக்குச் சோதனையில் தேறிய செல்லையே போடுங்கள்; அதிகாலைக் குளிரில் அவற்றை வேகமாக ஏற்றாதபடி, பேக்கைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸில் கரண்ட்டைக் குறைத்து வையுங்கள்.