திட்டமிட்ட சிஸ்டம் நிறுத்தம்: ஊழியர்களுக்கு அறிவிப்பு எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

புதிய அட்மின்: பில்லிங் சிஸ்டத்தின் டேட்டாபேஸை அடுத்த வெர்ஷனுக்கு மாற்றுகிறோம். ஒத்திகையில் 2 மணி 40 நிமிடம் ஆனது. அறிவிப்பில் 3 மணி நேரம் என்று போட்டால் போதுமா?

போதாது. ஒத்திகையில் வந்த நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் நேரம். ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியது, கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போய்ப் பழைய நிலைக்குத் திரும்பினால் ஆகும் நேரம்.

உங்கள் வேலையையே பிரித்துப் பார்ப்போம். இரவு 10:00 மணிக்கு நிறுத்துகிறீர்கள். பேக்கப்புக்கு 50 நிமிடம், அதாவது 10:50. வெர்ஷன் மாற்றத்துக்கு 70 நிமிடம், மணி 12:00. சோதனைக்கு 40 நிமிடம், மணி 12:40. சோதனையில்தான் பில் தொகை தப்பாக வருகிறது என்று தெரிகிறது. இனி பேக்கப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு எடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக நேரம் பிடிக்கும். இன்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால் இன்னும் இழுக்கும். 80 நிமிடம் என்று வையுங்கள், மணி 2:00. ஏற்றியது சரியா என்று பார்க்க 20 நிமிடம், 2:20. ஆக அறிவிப்பில் போட வேண்டியது இரவு 10:00 முதல் அதிகாலை 2:30 வரை.

இந்தக் கணக்கில் இன்னொரு நேரமும் கிடைக்கிறது. திரும்புவதற்கு 100 நிமிடம் வேண்டும் என்பதால், 2:30 மணியிலிருந்து அதைக் கழித்தால் 12:50. தொடர்வதா, திரும்புவதா என்று 12:50 மணிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். இதை அறிவிப்பில் போட வேண்டாம். ஆனால் வேலை செய்யும் ஒவ்வொருவர் கையிலும் எழுதி இருக்க வேண்டும், முடிவெடுப்பவர் பெயரோடு. "இன்னும் பத்து நிமிஷம், சரி பண்ணிடலாம்" என்று இழுத்துக்கொண்டே போய்த்தான் பெரும்பாலான நிறுத்தங்கள் சொன்ன நேரத்தைத் தாண்டுகின்றன.

வாசு: எத்தனை நாளைக்கு முன்னால் அனுப்ப வேண்டும்?

ஊழியர்கள் தங்கள் வேலையை நகர்த்த எவ்வளவு அவகாசம் வேண்டுமோ அவ்வளவு. ஷிப்ட் அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன்பே போடும் இடத்தில் மூன்று நாள் முன்னால் சொல்லிப் பயனில்லை. பொதுவாக ஒரு வாரம் முன்னால் ஒன்று, முந்தைய நாள் ஒன்று, நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வரி.

ஹெல்ப்டெஸ்க் மாலா: "சனிக்கிழமை இரவு 12 மணிக்கு" என்று போட்டோம். பாதிப் பேர் வெள்ளி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு போன் மேல் போன்.

12 மணியை அறிவிப்பில் தொடவே தொடாதீர்கள். 11:55 என்றோ 12:05 என்றோ மாற்றிவிடுங்கள். ஆரம்பம், முடிவு இரண்டுக்கும் தேதியும் கிழமையும் தனித்தனியாக வேண்டும்: "14.06.2025 சனி இரவு 10:00 முதல் 15.06.2025 ஞாயிறு அதிகாலை 2:30 வரை." நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. வேறு நாடுகளில் கிளை இருந்தால் அந்தந்த ஊர் நேரத்தையும் கீழே தனி வரியில் போடுங்கள். ஊழியர்களையே கணக்குப் போடச் சொன்னால் தப்பு நிச்சயம்.

சர்வர் செல்வம்: நாங்கள் நிறுத்துவது லாகின் சர்வரை மட்டும். "ஒற்றை லாகின் சேவை பாதிக்கப்படும்" என்று எழுதினேன். யாருக்கும் புரியவில்லை என்கிறார்கள்.

சர்வர் பெயர் உங்களுக்கு. ஊழியருக்குத் தெரிய வேண்டியது எந்தக் காரியம் நடக்காது என்பது. "விடுப்பு விண்ணப்பிக்க முடியாது, பில் போட முடியாது, பாஸ்வேர்டு மாற்ற முடியாது" என்று செயலாகச் சொல்லுங்கள். நடக்கக்கூடியதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "மெயில் வழக்கம்போல் இயங்கும்" என்ற ஒரே வரி பல அழைப்புகளைத் தவிர்க்கும்.

லாகின் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அவருடைய செஷன் தீரும்வரை எல்லாம் ஓடும். பக்கத்து இருக்கைக்காரர் 10:05 மணிக்கே வெளியே நிற்பார். "எனக்கு வேலை செய்கிறதே" என்று ஒருவர் பெரிய படிவத்தை நிரப்ப ஆரம்பித்து, நடுவில் செஷன் அறுந்து எல்லாவற்றையும் இழப்பார். அதனால் "10 மணிக்குப் பிறகு சிலருக்குத் திறந்திருப்பதுபோல் தெரியலாம்; 9:45 மணிக்குள் சேமித்து வெளியேறிவிடுங்கள்" என்று எழுதுங்கள்.

லாகினை நம்பியிருக்கும் மென்பொருள்கள் எவை என்று நினைவிலிருந்து எழுதாதீர்கள். லாகின் சர்வரின் லாகில் கடைசி 30 நாளில் எந்தெந்த அப்ளிகேஷனிலிருந்து கோரிக்கை வந்தது என்று எடுங்கள். 30 நாள் எடுப்பது மாதக்கடைசி வேலைகள் அதில் சிக்க வேண்டும் என்பதற்காக. காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் மென்பொருள் அதிலும் வராது. அதைக் கணக்குப் பிரிவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ரகு: ஒரு வாரம் முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்களே? எப்போது அனுப்புவது சரி?

வாசுவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேஷ் கவுன்டர்: மாற்று ஏற்பாடு என்ற இடத்தில் "தற்காலிகமாகக் கையால் பில் போடவும்" என்று மட்டும் இருந்தது. திங்கட்கிழமை ஒரே குழப்பம். எதை எழுதியிருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மாற்று ஏற்பாடு என்றால் நிறுத்தத்தின்போது என்ன செய்வது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்டம் திரும்பிய பிறகு காகிதத்தில் இருப்பதை யார், எப்படி, எதற்குள் உள்ளே ஏற்றுவது என்பதுதான் கடினமான பாதி.

முதலில் எண். கையால் எழுதும் பில்லுக்குச் சிஸ்டத்தின் எண் வரிசையை ஊழியர்கள் ஊகித்துப் போட்டால், சிஸ்டம் திரும்பியதும் அதே எண்ணை வேறொரு பில்லுக்குக் கொடுக்கும். அதனால் தனி முன்னெழுத்தோடு, முன்பே எண் அச்சிட்ட புத்தகம் ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒன்று தர வேண்டும்: முதல் கவுன்டருக்கு க1-001 முதல் 050 வரை, இரண்டாவதற்கு க2-001 முதல். கெட்டுப்போன தாளைக் கிழித்தெறியக் கூடாது, "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும். இல்லையென்றால் பின்னால் விடுபட்ட எண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது.

அடுத்து விலை. சிஸ்டம் இல்லாதபோது விலை எங்கிருந்து வரும்? 9:30 மணிக்கு விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் நிலுவையையும் அச்செடுத்து வைக்கச் சொல்லுங்கள். அச்செடுத்த நேரம் தாளின் தலையில் தெரிய வேண்டும்.

கடைசியாக ஏற்றுவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஆள். ஏற்றியதும் சிஸ்டம் தரும் பில் எண்ணை அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். அந்த எண் இல்லாத தாள் இன்னும் ஏற்றப்படாத தாள். ஒரே பில்லை இருவர் ஏற்றுவதை இது தடுக்கும். தேதி பெட்டியில் பில் போட்ட நாள் வர வேண்டும். சிஸ்டம் தானாகவே இன்றைய தேதியை நிரப்பும், அதை மாற்றாமல் விட்டால் சனிக்கிழமை விற்பனை திங்களில் போய் உட்காரும். முடிவில் புத்தகத்தின் கூட்டுத்தொகையும் சிஸ்டத்தில் ஏறிய கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அறிவிப்பில் இதெல்லாம் மூன்று வரிகளில் அடங்கும்:

> நிறுத்தத்தின்போது உங்கள் கவுன்டரின் க-புத்தகத்தில் மட்டும் பில் போடவும். விலைப்பட்டியலை இரவு 9:30 மணிக்கு அச்செடுத்து வைக்கவும்.
> ஞாயிறு மதியம் 12:30 மணிக்குள் புத்தகத்தை வைத்திருப்பவரே பில்களைச் சனிக்கிழமை தேதியில் ஏற்றவும். நள்ளிரவுக்குப் பின் போட்டவற்றுக்கு ஞாயிறு தேதி.
> சிஸ்டம் தந்த பில் எண்ணைத் தாளில் குறிக்கவும்.

திட்ட மேலாளர்: மேலே 2:30 என்று போடச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. 12:40 மணிக்கே முடிய வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் கூட்டிச் சொன்னால் ஊழியர்கள் "இவர்கள் எப்போதும் அதிகமாகத்தான் சொல்வார்கள்" என்று அறிவிப்பையே மதிக்க மாட்டார்கள்.

அந்த ஆபத்து உண்மை. 40 நிமிட வேலைக்கு எட்டு மணி நேரம் கேட்டால் அப்படித்தான் நடக்கும். ஆனால் 2:30 கூட்டிச் சொன்னது இல்லை, மேலே வரிக்கு வரி கணக்கிருக்கிறது. 12:40 என்று எழுதி 2:20 மணிக்குக் கொடுத்தால் அந்த 100 நிமிடமும் ஆட்கள் கவுன்டரில் திறக்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இரவு ஷிப்ட்: எங்களுக்கு இரண்டுமே வேண்டும். 2:30 வரை என்றால் கூடுதலாக ஒருவரை வரவழைக்கிறேன். 12:40 என்றால் தேவையில்லை. முன்னாலேயே முடிந்தால் அவருக்குச் சம்பளம் தண்டம்.

திட்ட மேலாளர்: அதைத்தான் சொல்கிறேன். எதிர்பார்க்கும் நேரம் 12:40, அதிகபட்சம் 2:30 என்று இரண்டையும் போடலாமே.

இரண்டு நேரம் போட்டால் பலர் முதல் நேரத்தை மட்டும் படிப்பார்கள், 12:40 மணிக்கு ஹெல்ப்டெஸ்க் போன் அலறும். எல்லா ஊழியருக்கும் போகும் அறிவிப்பில் ஒரே நேரம், 2:30. "முன்பே முடிந்தால் தெரிவிப்போம்" என்று ஒரு வரி. 24 மணி நேரமும் ஆள் வைத்து இயங்கும் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு மட்டும் இரண்டு நேரமும் தனியாகப் போகட்டும்.

இரவு ஷிப்ட்: தனியாக வந்ததை யாராவது எல்லோருக்கும் ஃபார்வர்டு பண்ணுவார்கள். அப்போது இரண்டு அறிவிப்பு, இரண்டு நேரம்.

அது நடக்கத்தான் செய்யும். போனில் சொல்லலாம் என்றால் மூன்று ஷிப்டுக்கும் யார் சொன்னார் என்ற குழப்பம் வரும். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. கூடுதல் ஆளின் செலவு பெரிதாக இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், இல்லையேல் 2:30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலா: எவ்வளவு நாள் முன்னாடி அனுப்பணும்னு யாரும் சொல்லலையே?

இரண்டு முறை சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

நிர்வாகப் பிரிவு: மெயில் சர்வரை 4 மணி நேரம் நிறுத்துகிறோம். "இந்நேரத்தில் வரும் மெயில்கள் கிடைக்காது" என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

தவறு. "தாமதமாக வரும்" என்று திருத்துங்கள். உங்கள் சர்வர் பதில் தராவிட்டால் அனுப்பும் சர்வர் மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது 4, 5 நாள் முயல வேண்டும் என்பது மெயில் நெறிமுறையின் பொது வழிகாட்டல். 4 மணி நேரத்தில் ஒழுங்கான சர்வர் எதுவும் கைவிடாது. ஆனால் முயற்சிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, அதனால் சர்வர் எழுந்த நிமிடமே எல்லாம் வந்து கொட்டாது. அதையும் ஒரு வரி சொல்லுங்கள்.

விதிவிலக்கு, உங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்பும் ஸ்கேனர், அலாரம் கருவி, சிறிய மென்பொருள்கள். இவற்றில் பல ஒருமுறை முயன்று விட்டுவிடும். ஸ்கேன் செய்தவர் போய்விட்டது என்று நினைத்துத் தாளைக் கோப்பில் சொருகிவிடுவார். நிறுத்த நேரத்தில் ஸ்கேனை பென்டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள். நிறுத்தம் நீண்டால் சொல்லும் தகவலும் மெயிலில் வராது என்பதால், அது எங்கே வரும் என்பதையும் அறிவிப்பில் குறிப்பிடுங்கள்.

கோபி: எங்கள் சர்வர் நேற்று திடீரென்று விழுந்துவிட்டது. அறிவிப்பு எப்படி எழுதுவது?

அது திட்டமிடாத நிறுத்தம், எழுதும் முறையே வேறு. தனி இழையில் கேளுங்கள்.

ஹெல்ப்டெஸ்க் மாலா: முடிந்ததும் என்ன அனுப்புவது? "பணி வெற்றிகரமாக நிறைவடைந்தது" போதுமா?

அதே தலைப்பில், முதல் அறிவிப்புக்கு ரிப்ளையாகவே அனுப்புங்கள், பழைய நேரம் அடியில் தெரியட்டும். எத்தனை மணிக்குத் திறந்தது, கையால் எழுதியதை எதற்குள் ஏற்ற வேண்டும், திரை பழையபடி தெரிந்தால் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும் என்பவை வர வேண்டும். வெர்ஷன் மாற்றாமல் பழைய நிலைக்கே திரும்பியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இன்னொரு நிறுத்தம் வரப்போகிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிய வேண்டும். எந்த அறிவிப்பிலும் லாகின் இணைப்பை மட்டும் வைக்காதீர்கள். பாஸ்வேர்டு திருடுபவர்கள் அனுப்பும் மெயிலும் இதே முகத்தோடுதான் வரும்.