மைசெல்ஃபா, மீயா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: "சந்தேகம் இருந்தால் மாலாவையோ என்னையோ கேளுங்கள்" என்று அலுவலக மின்னஞ்சலில் சொல்ல வேண்டியிருந்தது. "ப்ளீஸ் ஆஸ்க் மாலா ஆர் மைசெல்ஃப்" என்று எழுதினேன். மேலாளர் அதை "மீ" என்று திருத்திவிட்டார். "மீ" கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தெரியவில்லையா?

பதில்: மேலாளர் திருத்தியதுதான் சரி. "மைசெல்ஃப்" என்பது "மீ"யின் மரியாதை வடிவம் இல்லை. அதற்கு வேறு வேலை. செய்கிறவரும் நான், அந்தச் செயல் வந்து விழுவதும் என் மேல் என்கிற இடத்தில்தான் அது பெரும்பாலும் வரும். "ஐ கட் மைசெல்ஃப்" என்றால் வெட்டியதும் நான், வெட்டுப்பட்டதும் நான். உங்கள் வாக்கியத்தில் கேட்கப்போவது யார்? மின்னஞ்சலைப் படிப்பவர். அங்கே "யூ" என்ற எழுவாய் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கேட்பவர் அவர், கேட்கப்படுபவர் நீங்கள். ஆள் வேறு என்பதால் "மீ".

சந்தேகம் வந்தால் கூட இருக்கிற ஆளைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். "ப்ளீஸ் ஆஸ்க் மைசெல்ஃப்" என்று தனியாக யாரும் எழுத மாட்டார்கள். மாலா பக்கத்தில் வந்து நின்றதும்தான் கை தடுமாறுகிறது. இதே சோதனையை "மாலா அண்ட் மைசெல்ஃப் வில் கம்" என்பதற்கும் செய்யுங்கள். மாலா போய்விட்டால் "ஐ வில் கம்" என்றுதான் சொல்வோம். ஆகவே அங்கே "மாலா அண்ட் ஐ".

இந்தத் தடுமாற்றத்துக்கு வேர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. "மாலா அண்ட் மீ வென்ட்" என்று எழுதி ஒருமுறை திட்டு வாங்கியவருக்கு, "மீ" என்றாலே ஏதோ தப்பு என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் "சென்ட் இட் டு மாலா அண்ட் ஐ" என்று எழுதுவார், அல்லது "மைசெல்ஃப்" பக்கம் ஒதுங்கிக்கொள்வார். முதலாவது தவறு, "டு ஐ" என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவதை ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் அலுவலகங்களில் நிறையவே எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுகிறார்களே என்று நீங்களும் எழுத வேண்டியதில்லை.

ஒரு விலக்கும் உண்டு. "என்னைப் போன்றவர்கள்" என்ற பொருளில் "பீப்பிள் லைக் மைசெல்ஃப்" என்று எழுதுவது பழகிப்போன வழக்கு. அதை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. "லைக் மீ" என்றாலும் சரிதான்.

கேள்வி: "மைசெல்ஃப் குமார்" என்று அறிமுகம் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். "ஐ ஆம் குமார்" போதும்.

கேள்வி: "தன்னைக் குமார் ஏமாற்றிவிட்டதாக ரவி சொன்னான்." இதை "ரவி செட் குமார் சீட்டட் ஹிம்செல்ஃப்" என்று மொழிபெயர்த்தேன். பொருள் தலைகீழாகிவிட்டது என்கிறார் நண்பர். "தன்னை" என்றால் "ஹிம்செல்ஃப்" தானே?

பதில்: நண்பர் சொல்வது சரி. நீங்கள் எழுதியதைப் படிப்பவர், குமார் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான் என்று புரிந்துகொள்வார். ரவி ஏமாந்த செய்தி எங்கேயோ போய்விட்டது.

தமிழில் "தன்னை" தூரத்தில் இருக்கிற எழுவாயையும் எட்டிப் பிடிக்கும். உங்கள் வாக்கியத்தில் ஏமாற்றியவன் குமார், சொன்னவன் ரவி. "தன்னை" பக்கத்தில் இருக்கிற குமாரை விட்டுவிட்டு வெளியே இருக்கிற ரவியிடம் போகிறது. நமக்கு அதில் குழப்பமே வருவதில்லை. ஆங்கில "ஹிம்செல்ஃப்" அப்படித் தாவாது. தான் இருக்கிற துணை வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். "சீட்டட்" என்ற வினைக்கு எழுவாய் குமார் என்பதால் "ஹிம்செல்ஃப்" என்றால் குமார்தான்.

எனவே "ரவி செட் குமார் சீட்டட் ஹிம்" என்று எழுதுங்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல்: "ஹிம்" ரவியாகவும் இருக்கலாம், முன்பு பேச்சில் வந்த மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம். சூழலில் தெளிவாகாவிட்டால் பெயரையே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அது குமாராக மட்டும் இருக்க முடியாது.

நம் மொழியின் இன்னொரு பழக்கமும் இங்கே இடிக்கும். "தன்னை" படர்க்கைக்கு மட்டும்தான். தன்மையில் "கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்" என்று சாதாரண "என்னை"யே போதும். அதை அப்படியே கொண்டுபோய் "ஐ சா மீ இன் த மிரர்" என்று எழுதிவிடுகிறோம். அங்கே "மைசெல்ஃப்" கட்டாயம். தேவையில்லாத இடத்தில் அதைப் போடுகிறவர்களே தேவையான இடத்தில் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: செய்தவரே அனுபவித்தால் "மைசெல்ஃப்" என்றால், "பையை என்னுடன் எடுத்து வந்தேன்" என்பதற்கு "வித் மைசெல்ஃப்" என்றல்லவா வர வேண்டும்? எல்லாரும் "வித் மீ" என்கிறார்களே?

பதில்: நல்ல கேள்வி. இடத்தைக் காட்டும் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ஆள் ஒன்றாகவே இருந்தாலும் சாதாரண வடிவம்தான் வழக்கம். "ஐ ப்ராட் மை பேக் வித் மீ", "ஷீ க்ளோஸ்ட் த டோர் பிஹைண்ட் ஹெர்" இரண்டும் அப்படித்தான். பை எங்கே இருந்தது, கதவு எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் அங்கே செய்தி. "ஐ ஆம் ஆங்ரி வித் மைசெல்ஃப்" என்பது வேறு. அங்கே கோபம் திரும்பி என் மேலேயே வருகிறது, இடம் எதுவும் இல்லை. அதனால் "மைசெல்ஃப்".

கேள்வி: "தே" வந்தால் எப்போது "தெம்செல்வ்ஸ்", எப்போது "ஈச் அதர்"?

பதில்: ரவியும் குமாரும் அடித்துக்கொண்டார்கள் என்று தமிழில் சொன்னால் சண்டை என்று புரிந்துகொள்கிறோம். "கொள்" என்ற துணைவினை தன்னைத்தானே என்பதற்கும் வரும், ஒருவரையொருவர் என்பதற்கும் வரும். எது என்று சூழல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "தே ஹிட் தெம்செல்வ்ஸ்" என்றால் ரவி ரவியை அடித்தான், குமார் குமாரை அடித்தான் என்று படிக்கத் தோன்றும். சண்டை என்றால் "தே ஹிட் ஈச் அதர்".

தேர்தலை வைத்துப் பாருங்கள். இரண்டு வேட்பாளர்கள் "வோட்டட் ஃபார் தெம்செல்வ்ஸ்" என்றால் அவரவர் ஓட்டை அவரவருக்கே போட்டுக்கொண்டார்கள். "ஃபார் ஈச் அதர்" என்றால் இவர் ஓட்டு அவருக்கு, அவர் ஓட்டு இவருக்கு. ஒரு சொல்லில் முடிவே மாறிவிடுகிறது.

"ஈச் அதர்" எழுவாயாக வராது. "ஈச் அதர் ஹெல்ப்ட்" என்று ஆரம்பிக்காதீர்கள், "தே ஹெல்ப்ட் ஈச் அதர்" என்று எழுதுங்கள். அப்புறம், இரண்டு பேருக்கு "ஈச் அதர்", அதற்கு மேல் "ஒன் அனதர்" என்றொரு விதி சொல்வார்கள். நல்ல எழுத்தாளர்களே அதை எப்போதும் பார்ப்பதில்லை. தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "ஐ என்ஜாய்ட் அட் த பார்ட்டி" சரியா?

பதில்: "அனுபவித்தேன்" என்று தமிழில் நிறுத்திவிடலாம். "என்ஜாய்" தனக்கு ஒரு செயப்படுபொருள் கேட்கும். "ஐ என்ஜாய்ட் த பார்ட்டி" என்று எழுதுங்கள், இல்லையென்றால் "ஐ என்ஜாய்ட் மைசெல்ஃப் அட் த பார்ட்டி" என்று எழுதுங்கள். நீங்கள் தயங்காமல் "மைசெல்ஃப்" போடலாம் என்கிற இடங்களில் இதுவும் ஒன்று.