தீட்டு நிற்கும் வயதில்: காங்கேயம் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மகளிர் குழுக்களில் பெண்கள் கேட்டவை இவை. நான் பெண்கள் பிரிவில் 27 வருடம் செவிலியராக இருந்தவள், டாக்டர் இல்லை. என்னால் மாத்திரை எழுதித் தர முடியாது. எதைப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்ல முடியும்.

திருப்பூர், 47 வயது: "பனியன் கம்பெனியில தைக்கறனுங்க. மிஷின்ல உக்காந்திருக்கும்போதே நெஞ்சுல இருந்து மூஞ்சிக்கு நெருப்பாட்ட ஏறுது. ஜாக்கெட் நனைஞ்சு போகுது. பிரசரா இருக்குமுங்களா?"

இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறி இறங்கி, கடைசியில் லேசாகக் குளிரும் தட்டுகிறது என்றால் பெரும்பாலும் மாதவிடாய் நிற்கப் போகிற வெக்கைதான். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடல்சூட்டைக் கவனிக்கிற இடம் சின்ன மாற்றத்துக்கே பதறிவிடுகிறது. உடம்பு தாங்கக்கூடிய சூட்டைக்கூட அதிகம் என்று எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. அதனால் வெளிச்சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். அயர்ன் டேபிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சூப்பர்வைசரிடம் இடம் மாற்றிக் கேளுங்கள். பாலியஸ்டர் ஜாக்கெட்டை விட்டுப் பருத்திக்கு வாருங்கள். டீயை ஆற வைத்துக் குடியுங்கள். எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எது கிளப்பிவிடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பிரசரையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி வேர்க்கும். வேர்வையோடு நெஞ்சை அழுத்துகிறது, கை, தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு. நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஈரோடு, 50 வயது: "எனக்கு ராத்திரி தூக்கமே போயிருச்சு. டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதினாங்க. கேன்சர் வரும்னு பக்கத்து வீட்டு அக்கா வேண்டாங்கறாங்க."

அந்த அக்கா சொல்வதில் பாதி சரி. ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டிரோனையும் சேர்த்து வருடக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. ஆனால் வெக்கைக்கு இந்த அளவுக்குக் கேட்கிற மருந்து வேறு இல்லை. 60 வயதுக்குள், தீட்டு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மைதான் அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துவிடும். மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது, பக்கவாதம், கல்லீரல் நோய் இவற்றில் ஏதாவது இருந்தவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. இன்னொருவர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மட்டும் வாங்க வேண்டாம்.

பல்லடம், 46 வயது: "ஏழு மாசமா வரலைங்க. இனி பயமில்லாம இருக்கலாமுங்களா?"

இருக்க முடியாது, கர்ப்பம் தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு. 50-க்குக் கீழே என்றால் கடைசித் தீட்டிலிருந்து இரண்டு வருடம், 50-க்கு மேலே என்றால் ஒரு வருடம் தடுப்பு வேண்டும். இப்போது முதலில் ஒரு யூரின் டெஸ்ட் பாருங்கள்.

பெருந்துறை, 52 வயது: "தினமும் ராகிக் களி திங்கறேன். எலும்புக்கு அது போதும்தானுங்க அக்கா?"

ராகி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கணக்குப் பார்ப்போம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 50 கிராம் ராகி மாவில் ஏறத்தாழ 170 வரும். 200 மில்லி டம்ளர் பாலில் 240. ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், களி, ஒரு வேளை முருங்கைக்கீரை எல்லாம் சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடுவீர்கள். மிச்சத்துக்குத்தான் மாத்திரை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெயில் படாமல் வீட்டுக்கும் தறிக்கொட்டாய்க்கும் மட்டும் போய்வந்தால் வைட்டமின் டி குறையும். அது குறைந்தால் தின்ற கால்சியமும் சரியாகச் சேராது. அப்புறம் நடை. உட்கார்ந்து செய்யும் வேலை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எலும்புக்கு அது பாரம் இல்லை.

சென்னிமலை, 56 வயது: "எனக்கொண்ணும் இல்லீங்க, மகளுக்குத்தான் எலும்பு தேயாம என்ன குடுக்கறதுன்னு கேக்கறேன். நான் போன ஐப்பசியில வாசல்ல வழுக்கி மணிக்கட்டு ஒடிஞ்சுது, கட்டுப் பிரிச்சு இப்ப நல்லாயிருக்கேன்."

மகள் இருக்கட்டும், நான் உங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். நின்ற இடத்தில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தது என்றால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கலாம் என்று அர்த்தம். கட்டுப் போட்டது ஒடிந்த இடத்துக்கு மட்டும்தான். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆனது. கட்டுப் பிரித்ததோடு நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம், பிறகு இடுப்பு ஒடிந்தது. செவிலியராக இருந்தும் நான் கேட்காமல் விட்டது இன்றும் வலிக்கிறது.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் டி ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போயிருந்தால் வெறும் கால்சியம் போதாது, எலும்பு மருந்து வேண்டும். இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கிற மிஷின் ஒரு குறிப்பு மட்டுமே தரும். அதில் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். சுவரில் உயரத்தையும் அளந்து பாருங்கள். பழைய உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம்.

கோபி, 54 வயது: "நின்னு மூணு வருசம் ஆச்சு. போன வாரம் ஒரே நாள் பாவாடையில கறை பட்டுச்சு. உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊறவெச்சுத் திங்கறேன். சரியாப் போச்சுங்க."

அம்மணி, இந்த வாரமே போங்கள். தீட்டு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு இல்லை. தானாக நின்றுவிட்டதே என்று இருப்பதில்தான் ஆபத்து.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். பிறகு உள்ளே கருவி வைத்து ஸ்கேன் எடுத்து உள்சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதற்கு மேல் என்றால் சின்னக் குழாயால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எடுக்கும்போது தீட்டு வலி மாதிரி இருக்கும். இப்படி வருகிற பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. வறண்டு மெலிந்த சவ்வோ சின்னச் சதை வளர்ச்சியோதான் இருக்கும். மீதி ஒருவருக்கும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷனில் பெரும்பாலும் குணமாகிவிடும். கறை பட்ட தேதியை எழுதிக்கொண்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் சூரணத்தையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்கேன் நன்றாக வந்த பிறகும் மறுபடி பட்டால் மறுபடி போக வேண்டும்.

வெள்ளகோவில், 45 வயது: "38 வயசுலயே கர்ப்பப்பை எடுத்தாச்சு. எனக்கு இந்த வெக்கையெல்லாம் வராதுங்களே?"

முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. இரண்டையும் எடுத்திருந்தால் உங்கள் மெனோபாஸ் அன்றைக்கே தொடங்கிவிட்டது, ஏழு வருடமாக எலும்பும் தேய்ந்துகொண்டிருக்கும். விட்டு வைத்திருந்தால் தீட்டு இல்லாததால் எப்போது நிற்கிறது என்றே தெரியாது, வெக்கை வந்தால்தான் தெரியும். பெட்டியில் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்த இடத்தில் கேளுங்கள். ஒரு ஸ்கேன் எடுத்தாலும் ஓரளவு தெரியும். அது தெரியாமல் நான் எதுவும் சொல்வது சரியில்லை கண்ணு, சீட்டு கிடைத்ததும் கொண்டு வா.