ஒரு வார பிபி போட்டோவுல இருந்து சராசரி எடுக்கறது எப்படி?

"அப்பா தினமும் காலைல பிபி மிஷின் ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புறார், ஏழு போட்டோ இருக்கு, சராசரி எப்படி போடறது, குறையுதான்னு எப்படி தெரியும்?"

பொதுவா மேல இருக்கறது சிஸ்டாலிக், நடுவுல டயஸ்டாலிக், கீழ பல்ஸ், மூணையும் கலக்காம தனித்தனியா தேதியோட எழுதிக்கங்க. ஸ்கிரீன்ல M-ன்னு இருந்தா அது பழைய மெமரி ரீடிங்கா இருக்கலாம், அன்னைக்கு எடுத்ததான்னு கேட்டுக்கங்க. முதல் நாள் பதட்டத்துல அதிகமா காட்டலாம், அத விட்டுடறது வழக்கம்.

மீதி ஆறு நாள் சிஸ்டாலிக் 138, 140, 136, 135, 133, 134-ன்னு வைங்க, மொத்தம் 816, ஆறால வகுத்தா 136. இதுல ஒரே ஒரு 138-ஐ வெளிச்சம் பட்டு 188-ன்னு படிச்சுட்டா சராசரி 144 தாண்டிடும், அதனால தனியா துருத்திக்கிட்டு நிக்கற நம்பர மட்டும் போட்டோவ ஜூம் பண்ணி திரும்ப பாருங்க.

டிரெண்டுக்கு முதல் மூணு நாள் சராசரி 138, கடைசி மூணு நாள் 134. நாலு குறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா ஒரே நாள்லயே இவ்ளோ ஏறி இறங்கும்ங்க, அதனால அடுத்த வார சராசரியும் இறங்கினாதான் நான் நம்புவேன். வீட்ல எடுக்கற சராசரி 135/85 தாண்டினா அதிகம்னு எடுத்துக்கறாங்க, அதனால இந்த 136-ஐ டாக்டர்கிட்ட காட்டிடுங்க.